ஏழாம் வகுப்பை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போவது எப்படி: கேள்வி முதல் கணக்கு வரை

நான் காஞ்சிபுரம் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். முதல் தடவை பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது ஒரே நாளில் நான்கு இடம் போட்டோம். ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகள் ஒன்றாக. சாயங்காலம் பாதிப் பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கிவிட்டார்கள். மறுநாள் வகுப்பில் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டதற்கு வந்த பதிலில் பாதி ஐஸ்கிரீம் பற்றியது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் அன்று நடந்தது, அதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் ஒரு வகுப்பு, ஒரு இடம், அரை நாள் என்று திட்டமிட்டு வேடந்தாங்கல் போய் வந்தோம். 42 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள், ஒரு பிள்ளையின் அம்மா. அந்தப் பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு இடம் மாறும், வரிசை மாறாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஆறு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

## 1. இடத்துக்கு முன்னால் கேள்வி

"பறவைகளைப் பற்றி அறிந்துகொள்வார்கள்" என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது. திரும்பி வந்த பிறகு, அறிந்துகொண்டார்களா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியாது. பிள்ளை என்ன செய்து காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். நான் மூன்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒன்று, ஐந்து பறவைகளை அலகை வைத்து அடையாளம் காட்டி, அந்த அலகு எந்த இரைக்கு ஏற்றது என்று சொல்ல வேண்டும். இரண்டு, ஒரு மரத்தின் கூடுகளை எண்ணி, அதிலிருந்து ஏரியில் மொத்தம் எத்தனை கூடு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். மூன்று, பறவை, ஏரித் தண்ணீர், வயல் மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு படம் வரைந்து அம்புக்குறி போட வேண்டும்.

மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன. போகிற வழியில் உத்திரமேரூர் இருக்கிறது, குடவோலைக் கல்வெட்டையும் காட்டிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். நல்ல இடம்தான், ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் அங்கே பதில் இல்லை. சமூக அறிவியல் ஆசிரியர் அதற்குத் தனிப் பயணம் போடட்டும் என்று விட்டுவிட்டோம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இந்த மூன்றையும் கேள்வியாக்கி, அரைப் பக்கத் தாளில் பிள்ளைகளிடம் பதில் எழுதி வாங்கி வையுங்கள். தவறாக எழுதினாலும் திருத்த வேண்டாம். கடைசிப் படியில் அது தேவைப்படும்.

## 2. தேதி: ஏரியில் தண்ணீர் இருக்கும்போது

வேடந்தாங்கல் மழை நீரை நம்பிய ஏரி. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, உள்ளே நிற்கும் கடப்ப மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் பறவைகள் கூடு கட்டும். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை பருவம். ஜனவரி, பிப்ரவரியில் போனால் பல கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். தாய்ப்பறவையும் தகப்பன் பறவையும் இரை கொண்டுவருவதும் போவதுமாக இருப்பதால் பிள்ளைகளுக்குப் பார்க்க நிறையக் கிடைக்கும்.

பொங்கல் விடுமுறை முடிந்த இரண்டாவது வாரத்தில் ஒரு வேலை நாளை எடுத்துக்கொண்டோம். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். கரை முழுக்கக் கூட்டம், நம் பிள்ளை எது, வந்தவர் பிள்ளை எது என்று தெரியாது. மழை பொய்த்த வருஷம் என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். வறண்ட ஏரியைப் பார்க்க நாற்பது பேர் போக வேண்டியதில்லை. டிசம்பர் கடைசியில் வனத்துறை அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்தால் தண்ணீர் எவ்வளவு, பறவை வந்திருக்கிறதா, எந்தக் கிழமை விடுமுறை, கட்டணம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

நேரம் எது என்பதிலும் ஒரு முடிவு தேவை. கூட்டம் கூட்டமாகப் பறவைகள் திரும்பி வந்து இறங்கும் அழகு சாயங்காலத்தில்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வழி முழுக்க இருட்டு. பிள்ளைகள் வீடு சேர இரவு எட்டாகிவிடும். அதனால் காலையைத் தேர்ந்தோம்.

## 3. நீங்கள் முதலில் தனியாகப் போய் வாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். மூன்று வாரம் முன்னால், எந்த நேரத்தில் பிள்ளைகளோடு போவீர்களோ அதே நேரத்தில் போங்கள். நானும் இன்னொரு ஆசிரியையும் பைக்கில் போனோம்.

அங்கே போன பிறகுதான் என் பயிற்சித் தாள் தப்பு என்று தெரிந்தது. "இந்தப் பறவை எப்படி இரை பிடிக்கிறது? பார்த்து எழுது" என்று ஐந்து பறவைக்கும் கட்டம் போட்டு வைத்திருந்தேன். கரையில் ஒரு மணி நேரம் நின்றும் நத்தை குத்தி நாரை ஒன்றுகூட நத்தை குத்தவில்லை. வேடந்தாங்கல் அவற்றுக்குப் பெரும்பாலும் கூடு கட்டும் இடம். இரைக்கு அவை சுற்றியுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய்விடுகின்றன. திரும்பும் வழியில், ஏரிக்குச் சற்றுத் தள்ளி, நாற்று நட்ட வயலில் ஏழெட்டு நாரைகள் நின்றுகொண்டு சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. அவற்றின் இரண்டு அலகும் மூடினால்கூட நடுவில் ஒரு இடைவெளி தெரியும், அதுதான் நத்தைக்கு. அந்த இடத்திலேயே திட்டத்தை மாற்றினோம். ஏரிக்கரையில் கூடும் அலகும், வயலில் இரை. வயல்காரப் பெரியவரிடம் பேசி, இன்ன தேதியில் பிள்ளைகளை அழைத்து வருகிறோம், வரப்பில் மட்டும் நிற்போம், நாற்றை மிதிக்க மாட்டோம் என்று சம்மதம் வாங்கிக்கொண்டோம்.

அப்புறம் கீழே உள்ளதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டோம். உங்களுக்கும் உதவும்.

- கழிப்பறை எத்தனை, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா. நான்கு அறை, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 42 பேருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேரத் திட்டம் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.
- வண்டி நிற்கும் இடத்திலிருந்து கரை வரை நடை எவ்வளவு, நடுவில் சாலையைக் கடக்க வேண்டுமா.
- கரையில் தடுப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை. காவல் கோபுரத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம்.
- மரங்களில் பெரிய தேன்கூடு இருக்கிறதா. இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.
- நிழல் எங்கே, உட்கார்ந்து எழுத இடம் எங்கே.
- செல்போன் சிக்னல் எங்கே விட்டுப்போகிறது.
- மதுராந்தகம் அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம். நாங்கள் வண்டியை ஓட்டியே பார்த்துக்கொண்டோம்.

## 4. காகிதங்கள்

முதலில் தலைமையாசிரியர் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம். அதில் நோக்கம், தேதி, வழி, பிள்ளைகளின் எண்ணிக்கை, உடன் வருபவர்கள் பெயர், வண்டி விவரம் எல்லாம் இருக்க வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் யாருக்கு அனுப்புவது என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முன்னால் கொடுங்கள். "அனுமதி வந்துவிடும், நீங்க ஏற்பாட்டைப் பாருங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னாலும், தாள் கைக்கு வரும் வரை வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். முதல் வருஷம் நாங்கள் கொடுத்துவிட்டு, அனுமதி தள்ளிப்போய், முன்பணத்தில் பாதியை இழந்தோம்.

வனத்துறைக்குத் தனிக் கடிதம். மாணவர்களின் எண்ணிக்கை, வரும் நேரம், கட்டணச் சலுகை உண்டா, பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பதில் நகலைப் பயணத்தன்று கையில் வைத்திருங்கள்.

மூன்றாவது, பெற்றோர் சம்மதக் கடிதம். "என் மகனைச் சுற்றுலாவுக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்" என்ற ஒற்றை வரித் தாள் போதாது. எங்கே, எப்போது, எந்த வண்டியில், யார் பொறுப்பு, எத்தனை மணிக்குத் திரும்பும், ஏரிக்கரையில் நடக்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் பெற்றோர் படிக்கும்படி மேலே இருக்கட்டும். கீழே அவர்கள் நிரப்ப வேண்டியது: இரண்டு போன் எண்கள், ரத்த வகை, ஒவ்வாமை, வலிப்பு, இழுப்பு, வண்டியில் போனால் வாந்தி, தினமும் சாப்பிடும் மருந்து, அவசரமானால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சம்மதம், திரும்பி வந்ததும் பிள்ளையை அழைத்துப்போக வருபவர் யார்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, கையெழுத்தைப் பிள்ளையே போட்டிருக்கும். சேர்க்கைப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் போன் போடுங்கள், பிள்ளையை எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு, கொடுத்த எண் அப்பாவுடையதாக இருக்கும், அவர் வேலைக்குப் போனால் எடுக்க மாட்டார். அதனால்தான் இரண்டு எண். கிளம்புவதற்கு முதல் நாள் எல்லா எண்ணுக்கும் ஒருமுறை அடித்துப் பார்த்தோம். 42 பேரில் ஏழு பேருடைய எண் வேலை செய்யவில்லை.

விவரங்களை எல்லாம் ஒரே பட்டியலாக்கி மூன்று நகல் எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று இன்னொரு ஆசிரியரிடம், ஒன்று பள்ளியில் இருக்கும் தலைமையாசிரியரிடம். போனில் மட்டும் வைத்துக்கொண்டால் சார்ஜ் போகும்போது அதுவும் போய்விடும்.

## 5. வண்டி

வாடகைப் பேச்சு தொடங்கும் முன் வண்டி எண்ணைக் கேளுங்கள். mParivahan செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., காப்பீடு, புகைச் சான்று எது வரைக்கும் செல்லும் என்று தெரிந்துவிடும். மூன்றும் பயணத் தேதியைத் தாண்டி இருக்க வேண்டும். இன்றைக்குச் செல்லும் எஃப்.சி. பயணத் தேதிக்கு முதல் வாரம் முடிந்துபோகலாம், அதையும் பாருங்கள். பெர்மிட் நகலை வாங்கிப் படியுங்கள். பள்ளி வண்டி என்றால் வீட்டிலிருந்து பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத்தான் அந்தப் பெர்மிட் கொடுத்திருப்பார்கள். சுற்றுலாவுக்கு எடுக்கலாமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் எடுக்காதீர்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எத்தனை இருக்கை, டீசல் யாருடையது, பேட்டா எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் காசு, வண்டி நின்றுபோனால் மாற்று வண்டி யார் தருவது. இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓட்டுநரும் கிளீனரும் தவிர வெளியாள் யாரும் வண்டியில் ஏறக்கூடாது. இது ஏன் என்று இதோ வருகிறது. அதற்கு முன்னால் பணம்.

## 6. பணம்

எங்களுக்கு ஆன செலவை அப்படியே தருகிறேன். ஓட்டுநர், கிளீனரையும் சேர்த்துச் சாப்பாடு 49 பேருக்கு.

- 52 இருக்கை பஸ், டீசலோடு: 13,500 ரூபாய்
- ஓட்டுநர், கிளீனர் பேட்டா: 1,000
- நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தம்: 700
- காலை இட்லிப் பொட்டலம், ஆளுக்கு 35: 1,715
- சுண்டலும் வாழைப்பழமும், ஆளுக்கு 15: 735
- குடிதண்ணீர் கேன்: 200
- தாள், அட்டை, நகல்: 350
- முதலுதவிப் பொருள்: 300
- கைவசம் வைத்துக்கொண்டது: 1,500

மொத்தம் 20,000 ரூபாய். 42 பேருக்கு வகுத்தால் தலைக்கு 476 வருகிறது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கடைசி நேரத்தில் காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று ஐந்து பிள்ளைகள் வரவில்லை என்று வையுங்கள். சாப்பாட்டில் 250 ரூபாய் மிச்சமாகும், பஸ் வாடகை குறையாது. 19,750 ரூபாயை 37 பேருக்கு வகுத்தால் 534 ஆகிவிடும். அதனால் ஐந்து பேர் குறைந்தாலும் தாங்கும்படி முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

நாங்கள் தலைக்கு 300 மட்டும் கேட்டோம். ஆறு வீட்டில் அதுவும் முடியவில்லை. 36 பேரிடம் 10,800 வந்தது, மீதி 9,200 ரூபாயைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகப் பழைய மாணவர்கள் சிலர் கொடுத்தார்கள். பணம் கட்டாதவர் பட்டியலை வகுப்பில் வாசிக்காதீர்கள். முதல் வருஷம் நான் வாசித்தேன். எழுந்து நின்ற ஒரு பெண்பிள்ளை, "எனக்கு அன்னைக்கு ஊருக்குப் போகணும் டீச்சர்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு எந்த ஊருக்கும் போக வேண்டியிருக்கவில்லை. இப்போது பணத்தைப் பெற்றோரே அலுவலகத்தில் மூடிய உறையில் கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது தலைமையாசிரியருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

மதியச் சாப்பாடு பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? ஒரு மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிட்டால் பிள்ளைகள் சத்துணவையே சாப்பிடலாம். பொட்டலச் சாதம் வெயிலில் ஐந்து மணி நேரம் வண்டியில் கிடந்து ஊசிப்போகும் பயமும் இல்லை. சத்துணவு அமைப்பாளரிடம் இரண்டு நாள் முன்னால் சொல்லி, ஏழாம் வகுப்புக்கு மட்டும் ஒரு மணிக்கு எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள்.

## 7. எண்ணிக்கை சரியாக இருந்தும் பிள்ளை இல்லை

முதல் பயணத்தில் நடந்தது இது. மூன்றாவது இடத்தில் எல்லாரும் வண்டியில் ஏறியபின் தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. "போலாம்" என்று சொல்லி வண்டி அரை கிலோமீட்டர் போயிருக்கும். ஒரு பிள்ளை மெதுவாக, "டீச்சர், செல்வி ஏறலையே" என்றது. திரும்பிப் போனோம். அவள் கழிப்பறை வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், அழக்கூட இல்லை. பிறகுதான் புரிந்தது. கிளீனர் தன் அக்கா மகனை ஊர் பார்க்க அழைத்து வந்திருக்கிறார். பன்னிரண்டு வயசுப் பையன். நான் அவனையும் சேர்த்து எண்ணிவிட்டேன். (செல்வி என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை.)

அன்றிலிருந்து நான் தலையை எண்ணுவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். பள்ளியிலேயே கொடுத்து, மூன்று நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்லிப் பழக்கிவிடுவோம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்று முதல் 42 வரை அவரவர் தன் எண்ணைச் சொல்ல வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக்கூடாது. 17 என்ற சத்தம் வரவில்லை என்றால் 17 யார் என்று அந்த நொடியே தெரியும். அதோடு ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. கழிப்பறைக்குக்கூட ஜோடியாகத்தான் போக வேண்டும்.

ஏழு பேர் கொண்ட ஆறு குழு. ஐந்து பெரியவர்களில் நான்கு பேர் குழுக்களைப் பார்த்துக்கொண்டார்கள், இரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு குழு, மற்ற இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்று. ஐந்தாமவருக்குக் குழுவே கிடையாது. ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் கூட உட்காரவும், மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் கை காலியாக ஒருவர் வேண்டும். பெண்பிள்ளைகள் இருந்தால் குறைந்தது இரண்டு பெண்கள் உடன் வர வேண்டும். ஒருவர் மருத்துவமனைக்குப் போனாலும் இன்னொருவர் இருப்பார். நாப்கினும் மாற்று உடுப்பு ஒன்றும் அவர்கள் பையில் இருக்கட்டும், அது அவர்களிடம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரியட்டும்.

முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, கட்டுத்துணி, ஓட்டுப் பட்டை, கிருமிநாசினி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வாந்தி எடுக்க உறைகள் போதும். மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்த மருந்தை, பிள்ளையின் பெயர் எழுதிய உறையில் வாங்கி, சொன்ன நேரத்தில் மட்டும் கொடுங்கள். இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் வண்டியில் இல்லாமல் அந்தப் பிள்ளையோடு கரைக்கு வர வேண்டும். ஆம்புலன்சுக்கு 108 என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கரைக்கென்று நான்கு விதி வைத்தோம்: தடுப்பின் மேல் ஏறுவதில்லை, கல் எறிவதில்லை, கீழே விழுந்து கிடக்கும் குஞ்சைத் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை. கரையெல்லாம் பறவை எச்சம், அதனால் கடைசி விதியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

## 8. அன்றைய நாள்

5.45க்குப் பள்ளியில் கூடி 6.15க்குக் கிளம்பினோம். வண்டியில் வாந்தி வரும் என்று எழுதியிருந்தவர்கள் முன்பக்கம், வெறும் வயிற்றோடு இல்லாமல் இரண்டு பிஸ்கட். 7.45க்குச் சேர்ந்து, கழிப்பறை, கைகழுவல், இட்லி. இதற்கு முக்கால் மணி நேரம் வைத்திருந்தோம், முழுசாகத் தேவைப்பட்டது.

8.30 முதல் 10 வரை கரை. ஆறு பைனாகுலரை இரவல் வாங்கி, குழுவுக்கு ஒன்று கொடுத்தோம். முதல் பத்து நிமிடம் எழுதவே கூடாது, பார்க்க மட்டும் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் குனிந்த தலை நிமிராது, பக்கத்தில் இருப்பவன் எழுதுவதைப் பார்த்து எழுதுவார்கள். அப்புறம் அலகு வரைதல். கரண்டிவாயனின் தட்டை அலகு, அரிவாள் மூக்கனின் வளைந்த அலகு, பாம்புத்தாராவின் ஈட்டி போன்ற அலகு, கூழைக்கடாவின் பை. முழுப் பறவையை வரையச் சொல்லாதீர்கள். இறகுக்கே நேரம் போய்விடும், அலகு விட்டுப்போகும். தலை மட்டும் போதும்.

பிறகு ஒவ்வொரு குழுவும் ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு கூடுகளை எண்ணியது. ஒருவர் பைனாகுலரில் பார்த்து எண்ண, இன்னொருவர் குறிக்க, மூன்றாமவர் மறுபடி எண்ணிச் சரிபார்க்க.

10.15க்கு வயல். சுண்டலைக் கொடுத்து வரப்பில் உட்கார வைத்தோம். நாரைகள் சற்றுத் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. பெரியவர் பேசத் தொடங்கியதும் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "தாத்தா, நீங்க எருவே போட மாட்டீங்களா?"

"போடுவேன்மா, கொஞ்சமா. அந்த ஏரித் தண்ணியிலேயே சத்து வருதே. அத்தனை பறவை எச்சமும் அதுலதானே விழுது."

நான் அதற்குமுன் வகுப்பில் இரண்டு தடவை சொன்ன விஷயம் அது. அவர் சொன்னதும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் மூன்றாவது கேள்வித் தாளை எடுத்து அம்புக்குறி போட ஆரம்பித்துவிட்டார்கள்: வயலிலிருந்து நத்தை பறவைக்கு, பறவையிலிருந்து எச்சம் ஏரிக்கு, ஏரியிலிருந்து தண்ணீர் வயலுக்கு.

11.15க்குக் கிளம்பி ஒரு மணிக்கு முன்னால் பள்ளிக்கு வந்துவிட்டோம்.

## 9. திரும்பி வந்த பிறகு

அன்று மதியம், சாப்பிட்டதும், பதினைந்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதச் சொல்லுங்கள். "பயணக் கட்டுரை" வேண்டாம். எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாய், எது இன்னும் புரியவில்லை, இரண்டே கேள்வி. மறுநாளுக்குத் தள்ளினால் வீட்டில் சொன்னது, தம்பி கேட்டது எல்லாம் கலந்துவிடும்.

மறுநாள் கூடுகளின் கணக்கு. ஆறு குழுவும் எண்ணியதைக் கரும்பலகையில் எழுதினேன்: 31, 6, 14, 11, 19, 9. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற மரங்கள் சுமார் 40 என்று சேர்ந்து எண்ணி வைத்திருந்தோம். 31 எண்ணிய குழு 40ஆல் பெருக்கி 1,240 கூடு என்றது. 6 எண்ணிய குழு 240 என்றது. இரண்டு பக்கமும் ஒரே சத்தம். "நீங்க எப்படி மரத்தை எடுத்தீங்க?" என்று கேட்டேன். 31 குழு, இருப்பதிலேயே பெரிய மரம் என்றது. 6 குழு, கிட்ட இருந்ததால் எடுத்தோம் என்றது. ஆறையும் கூட்டினால் 90, சராசரி 15, மொத்தம் 600. அப்படியானால் 600 சரியா என்று ஒருவன் கேட்டான். மரத்தின் பின்பக்கக் கூடுகள் நமக்குத் தெரிந்ததா என்று திருப்பிக் கேட்டேன். அந்த ஒரு பாடவேளை முழுக்க இதிலேயே போனது, நான் நிறுத்தவில்லை. சராசரி எதற்கு, ஒரு மரத்தை மட்டும் வைத்து ஏன் சொல்லக்கூடாது என்பதைப் புத்தகக் கணக்கால் இப்படி நடத்தியிருக்க முடியாது.

அடுத்த வாரம் எங்கள் ஊர் ஏரிக்கு நடந்தே போனோம். அதே தாள், அதே கேள்வி. அங்கே பார்த்ததில் எது இங்கே இருக்கிறது, கூடு ஏன் இல்லை? தண்ணீருக்குள் மரம் இல்லை என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பிப்ரவரி நடுவில் பள்ளி, கல்லூரி வளாகங்களில் வளாகப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பதினைந்து நிமிடம் நின்று எண்ணி, பட்டியலைப் பறவைப் பதிவுகளுக்கான eBird தளத்தில் ஏற்றலாம். பயணம் ஜனவரியில் என்றால் இது சரியாக வந்து பொருந்தும்.

மூன்று வாரம் கழித்து, போவதற்கு முன் கேட்ட அதே மூன்று கேள்வியைச் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி கொடுங்கள். பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு அலகுக் கேள்வியில் நல்ல மாற்றம். அம்புக்குறிப் படத்தில் 42 பேரில் 29 பேர் மூன்று அம்பையும் சரியாகப் போட்டிருந்தார்கள். மற்றவர்களில் பலர் எச்சத்திலிருந்து ஏரிக்குப் போகும் அம்பை விட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள், பெரியவர் பேசியது அவர்களுக்குக் கேட்கவில்லை. இந்த வருஷம் வயலுக்கு மூன்று மூன்று குழுவாகத்தான் போகப் போகிறோம். முதல் மூன்று குழு வரப்பில் இருக்கும்போது மற்ற மூன்றும் நிழலில் சுண்டல் சாப்பிடும், பிறகு இடம் மாறும்.

பெரியவருக்கும் வனத்துறைக்கும் பிள்ளைகள் எழுதிய கடிதங்களோடு, ஆறு குழுவும் எண்ணிய கூடுகளின் கணக்கையும் நகல் எடுத்து அனுப்பினோம். வரவு செலவைச் சீட்டுகளோடு ஒரு வாரத்துக்குள் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். கைவசம் வைத்திருந்த 1,500இல் 1,180 மிஞ்சியது, அது அடுத்த பயணத்தின் கணக்கில் முதல் வரவாக எழுதியிருக்கிறது. அனுமதிக் கடிதங்கள், நிரப்பாத சம்மதப் படிவம், நேரத் திட்டம், வயல்காரப் பெரியவர் வீட்டுக்குப் போகும் வழி எல்லாம் ஒரே கோப்பில், தலைமையாசிரியர் அலமாரியில் இருக்கின்றன.